கேட்ட விலை, கிடைத்த விலை, நடுவில் 37 விநாடி

"உங்கள் ஆர்டர் 10:02:51-க்கு எக்ஸ்சேஞ்சில் பதிவாகி, அதே விநாடியில் நிறைவேறிவிட்டது. மார்க்கெட் ஆர்டரில் விலை முன்பின்னாக அமைவது இயல்பு. எங்கள் தரப்பில் தாமதம் ஏதும் இல்லை."

ஷேர் மார்க்கெட்டில் தினசரி வியாபாரம் செய்யும் சிறு முதலீட்டாளர்கள் பலருக்கு இந்த மாதிரிப் பதில் பழக்கமானது. ஆர்டர் தாமதமாகி நஷ்டம் வந்தது என்று புரோக்கருக்குப் புகார் எழுதினால், இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் இப்படித்தான் மெயில் வரும். கடுப்பாகி இன்னும் காரமாக ஒரு மெயில் எழுதுவார்கள். அதே பதில் வேறு வார்த்தைகளில் திரும்ப வரும். அத்தோடு "இவனுங்க எல்லாம் ஒண்ணுதான்" என்று விட்டுவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், புரோக்கர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான். ஆர்டர் உண்மையிலேயே 10:02:51-க்குத்தான் எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருக்கும், அதே விநாடியில் முடிந்துமிருக்கும். ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தியது 10:02:14-க்கு. அந்த 37 விநாடியைப் பற்றிப் பதிலில் ஒரு வார்த்தையும் இல்லை. ஏனென்றால் உங்கள் கடிதமும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒரு ஆர்டர் கடக்கும் நான்கு வாசல்

மொபைலில் 'செல்' என்று அழுத்தியதும் ஷேர் விற்றுவிட்டது போலத் தோன்றும். நடுவில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன. முதலில் உங்கள் போனிலிருந்து கோரிக்கை கிளம்பி, இன்டர்நெட் வழியாகப் புரோக்கரின் சர்வரைத் தொடுகிறது. இரண்டாவது, அங்கே 'ஆர்.எம்.எஸ்.' என்று சொல்லப்படும் ரிஸ்க் சோதனை. கணக்கில் போதிய மார்ஜின் இருக்கிறதா, விற்கும் ஷேர் கைவசம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆர்டரை மேலே அனுப்புவார்கள். மூன்றாவது, என்.எஸ்.இ. அல்லது பி.எஸ்.இ. அந்த ஆர்டரை வாங்கி, அதற்கு ஓர் எண்ணும் நேரமும் போட்டுப் பதிவு செய்கிறது. நான்காவது, எதிர்ப்பக்கத்தில் வாங்க நிற்பவரோடு அது பொருந்தி டிரேட் ஆகிறது.

சாதாரண நாளில் இவை எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். கம்பெனி ரிசல்ட் வெளியாகும் நேரம், காலை 9:15-க்குச் சந்தை திறக்கும் நேரம், எக்ஸ்பைரி நாளின் கடைசி அரைமணி போன்ற வேளைகளில் எல்லோரும் ஒரே சமயத்தில் அழுத்துவார்கள். அப்போது முதல் இரண்டு கட்டங்களில் நெரிசல் ஏற்படுவதுண்டு. ஆப்பில் ஆர்டர் 'ஓபன் பெண்டிங்', 'வேலிடேஷன் பெண்டிங்' என்று நின்றுகொண்டே இருப்பது இந்தக் கட்டத்தில்தான்.

மறுநாளுக்குள் உங்களுக்கு வரும் கான்ட்ராக்ட் நோட்டில் ஆர்டர் எண், ஆர்டர் நேரம், டிரேட் எண், டிரேட் நேரம் எல்லாம் இருக்கும். பார்த்தால் முழுக் கதையும் அதில் இருப்பது போல் தெரியும். ஆனால் அதிலுள்ள 'ஆர்டர் நேரம்' நீங்கள் அழுத்திய நேரம் இல்லை. அது எக்ஸ்சேஞ்ச் பதிவு செய்த நேரம், அதாவது மூன்றாவது வாசல். முதல் இரண்டு வாசல்களில் ஆர்டர் எவ்வளவு நேரம் நின்றாலும் அந்தக் காகிதத்தில் தெரியாது. கான்ட்ராக்ட் நோட்டை மட்டும் இணைத்து, 'தாமதம் செய்துவிட்டீர்கள்' என்று எழுதினால், தாமதமே இல்லை என்பதற்கான ஆதாரத்தை நீங்களே புரோக்கர் கையில் கொடுத்தது போல ஆகிவிடும்.

மார்க்கெட் எடுத்தது எவ்வளவு, தாமதம் எடுத்தது எவ்வளவு?

ஸ்லிப்பேஜ் என்றால் நீங்கள் எதிர்பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசம். இது தாமதமே இல்லாவிட்டாலும் வரும். புகார் எழுதுவோர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மொத்த வித்தியாசத்தையும் புரோக்கர் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

திருப்பூரில் ஒரு டிரேடர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு கம்பெனியின் 1,000 ஷேர்களை இன்ட்ராடேயில் வாங்கியிருக்கிறார். பத்து மணிக்குக் கம்பெனியின் காலாண்டு ரிசல்ட் வருகிறது. எதிர்பார்த்தபடி இல்லை. கடைசியாக நடந்த விலை 612 ரூபாய் என்று திரை காட்டுகிறது. 10:02:14-க்கு 1,000 ஷேரையும் மார்க்கெட் ஆர்டரில் விற்க அழுத்துகிறார்.

அந்த நேரம் அவர் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில், மார்க்கெட் டெப்த் பகுதியில் வாங்க நின்றவர்கள் இப்படி இருந்தார்கள்: 611.90-க்கு 150 ஷேர், 611.75-க்கு 250, 611.50-க்கு 400, 611.20-க்கு 600. அதாவது 612 ரூபாய்க்கு வாங்க அங்கே ஆளே இல்லை. 612 என்பது சற்றுமுன் நடந்து முடிந்த விலை.

ஆர்டர் உடனே போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் 150 ஷேர் 611.90-க்கும், அடுத்த 250 ஷேர் 611.75-க்கும், அதற்கடுத்த 400 ஷேர் 611.50-க்கும் போயிருக்கும். மீதி 200 ஷேருக்கு 611.20 கிடைத்திருக்கும். கூட்டினால் 6,11,562 ரூபாய் 50 காசு. 612 வீதம் கணக்கிட்டால் 6,12,000. ஆக, புரோக்கர் ஒரு விநாடிகூடத் தாமதிக்காவிட்டாலும் இவருக்கு 437 ரூபாய் 50 காசு குறைந்திருக்கும். அது மார்க்கெட் எடுத்த பங்கு. அதற்கு யாரையும் கேட்க முடியாது.

நடந்தது வேறு. ஆர்டர் 37 விநாடி 'ஓபன் பெண்டிங்'கில் நின்றது. அதற்குள் விலை இறங்கிவிட்டது. 10:02:51-க்குச் சராசரியாக 607.40-க்கு விற்பனையானது. கைக்கு வந்தது 6,07,400 ரூபாய். 612-லிருந்து மொத்த வித்தியாசம் 4,600 ரூபாய். அதில் மார்க்கெட் பங்கான 437.50-ஐக் கழித்தால் மிச்சம் 4,162 ரூபாய் 50 காசு. தாமதத்தால் போனது இந்தத் தொகைதான்.

கோபத்தில் எழுதும் கடிதத்தில் இந்தத் தொகை இருக்காது. 'நான் 618-க்கு வாங்கினேன், பத்தாயிரம் போச்சு' என்றோ, 'அன்றைக்கு அதே பணத்தில் வேறு ஷேர் வாங்கியிருந்தால் இருபதாயிரம் சம்பாதித்திருப்பேன்' என்றோ இருக்கும். வாங்கிய விலைக்கும் தாமதத்துக்கும் சம்பந்தமில்லை. கிடைத்திருக்கக்கூடிய லாபம், மன உளைச்சல் போன்றவற்றுக்கான கோரிக்கைகளைச் சமரசக் கட்டத்திலும் பொதுவாக ஏற்பதில்லை. அவற்றைச் சேர்த்தால் நியாயமான 4,162 ரூபாயும் சேர்ந்தே அடிபடும்.

டெப்த் ஸ்கிரீன்ஷாட் இல்லாதவர்கள் என்ன செய்வது? சார்ட்டில் விநாடிவாரியாகப் பார்க்க முடிந்தால், நீங்கள் அழுத்திய இரண்டு மூன்று விநாடிகளில் நடந்த விலைகளில் ஆகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சாதகமான விலையை எடுத்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் உடைக்கும். பாதகமான விலையை எடுத்துக் கணக்குக் காட்டினால் உடைக்க ஒன்றும் இருக்காது.

யார் மேல் தவறு என்று எப்படித் தெரியும்?

எல்லாத் தாமதமும் புரோக்கருடையது அல்ல. அழுத்தியும் ஆர்டர் புக்கில் ஒன்றுமே தோன்றாமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், கோரிக்கை உங்கள் போனை விட்டே போகாமல் இருந்திருக்கலாம். வீட்டு வைஃபையோ செல்போன் சிக்னலோ காரணமாக இருக்கும். மாறாக, ஆர்டர் புக்கில் உங்கள் ஆர்டர் தோன்றி, பக்கத்தில் 'பெண்டிங்' என்று காட்டினால், கோரிக்கை புரோக்கர் சர்வரை அடைந்துவிட்டது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். எக்ஸ்சேஞ்ச் எண் விழும் வரை ஆர்டர் இருந்தது புரோக்கரிடம். இந்த ஒரு ஸ்கிரீன்ஷாட் பத்துப் பக்க வாதத்துக்குச் சமம். பல ஆப்களில் அன்றைய ஆர்டர் புக் மறுநாள் காலை காலியாகிவிடும் என்பதால் அன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. போனின் கடிகாரம் தானியங்கி நேரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். போன் அரை நிமிடம் பின்தங்கி ஓடினால் உங்கள் 37 விநாடி ஏழு விநாடியாகிவிடும்.

எக்ஸ்சேஞ்சே நின்றுபோவதும் உண்டு. 2021 பிப்ரவரி 24 அன்று என்.எஸ்.இ.யில் காலை 11:40-க்கு வியாபாரம் நின்றது. பிற்பகல் 3:45-க்குத்தான் மீண்டும் தொடங்கி 5 மணி வரை நடந்தது. அப்படியான நாளில் ஆர்டர் போகவில்லை என்பதற்குப் புரோக்கரைப் பொறுப்பாக்க முடியாது.

ஸ்டாப்லாஸ் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் எக்ஸ்சேஞ்சிலேயே போய் உட்கார்ந்திருக்கும். விலை டிரிக்கரைத் தொட்டதும் அங்கேயே உயிர்பெறும். புரோக்கரின் சர்வர் அப்போது படுத்திருந்தாலும் அது வேலை செய்யும். 612-க்கு டிரிக்கர், 611-க்கு லிமிட் என்று போட்டிருந்து, விலை ஒரே தாவலில் 609-க்குப் போய்விட்டால் ஆர்டர் விற்காமல் தொங்கும். அது லிமிட் ஆர்டரின் இயல்பு, புகாருக்கு இடமில்லை. ஆனால் ஆப்பில் 'ஜி.டி.டி.' போன்ற பெயர்களில் வரும் நீண்டநாள் டிரிக்கர்கள் பொதுவாகப் புரோக்கரின் சர்வரில்தான் காத்திருக்கும். விலை தொட்ட பிறகே அவை புது ஆர்டராக எக்ஸ்சேஞ்சுக்குக் கிளம்பும். அங்கே தாமதமானால் கேள்வி கேட்க இடமுண்டு.

ஆப்ஷனில் எந்த விலைக்கானாலும் விற்கும் எஸ்.எல்-எம் வகை ஸ்டாப்லாஸை என்.எஸ்.இ. 2021 செப்டம்பர் 27 முதல் நிறுத்திவிட்டது. ஆள் குறைவான நேரத்தில் இந்த வகை ஆர்டர்கள் தாறுமாறான விலைகளில் நிறைவேறியதுதான் காரணம். ஆகவே ஆப்ஷன் டிரேடர்கள் இன்றைக்குப் போடும் ஸ்டாப்லாஸில் லிமிட் விலையும் இருந்தே தீரும். விற்காமல் தொங்கும் அபாயமும் அதோடு வரும்.

தாமதமாகும் நேரத்தில் பதற்றத்தில் மறுபடி 'செல்' அழுத்துபவர்கள் அதிகம். முதல் ஆர்டரும் போய், இரண்டாவதும் போய்விட்டால், இன்ட்ராடேயில் கையில் இல்லாத 1,000 ஷேரை விற்றதாகிவிடும். அதை மீண்டும் வாங்கி அடைக்கும்போது வரும் நஷ்டம் உங்கள் கணக்கில்தான் சேரும். பெண்டிங்கில் நின்றால் வேறு பிரவுசரில் உள்ளே போய்ப் பாருங்கள், அல்லது புரோக்கரின் 'கால் அண்ட் டிரேட்' எண்ணை அழையுங்கள். அந்த அழைப்பு, நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் முயன்றதற்கும் சாட்சியாகும்.

கடிதம்

இவ்வளவும் தெரிந்தபின் கடிதம் எழுதுவது எளிது. அது ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. நம் திருப்பூர் டிரேடர் இப்படி எழுதலாம்.

*பெறுநர்: முதலீட்டாளர் குறைதீர்ப்புப் பிரிவு. நகல்: கம்ப்ளையன்ஸ் அதிகாரி.*

*பொருள்: ஆர்டர் அனுப்புவதில் தாமதம். ரூ.4,162.50 இழப்பு.*

*ஐயா / அம்மையீர்,*

*மேலே குறிப்பிட்டுள்ள வாடிக்கையாளர் எண்ணில் இம்மாதம் 4ஆம் தேதி 1,000 ஷேர் விற்க மார்க்கெட் ஆர்டர் போட்டேன். உங்கள் ஆப்பில் அழுத்திய நேரம் 10:02:14. 10:02:16 முதல் ஆர்டர் புக்கில் 'ஓபன் பெண்டிங்' என்று காட்டியது (படம் 1). எக்ஸ்சேஞ்சில் பதிவானது 10:02:51 (கான்ட்ராக்ட் நோட், இணைப்பு 2). சராசரி விற்பனை விலை 607.40.*

*10:02:14-க்கு மார்க்கெட் டெப்த்தில் இருந்த விலைகளின்படி (படம் 3) இந்த 1,000 ஷேருக்கு ரூ.6,11,562.50 கிடைத்திருக்கும். கிடைத்தது ரூ.6,07,400. கடைசி விலையான 612-க்கும் 611.56-க்கும் உள்ள இயல்பான வித்தியாசத்தை நான் கோரவில்லை. தாமதத்தால் ஏற்பட்ட ரூ.4,162.50 மட்டுமே கோருகிறேன். கணக்கு இணைப்பு 4-இல் உள்ளது.*

*கீழ்க்கண்டவற்றை எழுத்துமூலம் தெரிவிக்கவும்: 1. என் கோரிக்கை உங்கள் சர்வரை அடைந்த நேரம். 2. ரிஸ்க் சோதனை தொடங்கி முடிந்த நேரம். 3. எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிய நேரம். 4. எக்ஸ்சேஞ்ச் ஒப்புக்கொண்ட நேரம். இந்த ஆர்டருக்கான சர்வர் லாக் நகலையும் தரவும். இந்தப் புகார் முடியும்வரை அந்தப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கவும்.*

*10:02:30-க்கு உங்கள் கால் அண்ட் டிரேட் எண்ணை அழைத்தேன். இணைப்புக் கிடைக்கவில்லை (அழைப்புப் பதிவு, இணைப்பு 5).*

*இப்படிக்கு…*

இதில் 'மோசடி', 'கொள்ளை', 'கோர்ட்டுக்கு இழுப்பேன்' எதுவும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த நான்கு கேள்விகள் போதும். 10:02:51 என்ற எக்ஸ்சேஞ்ச் நேரத்தை நீங்களே கடிதத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதால், முதலில் பார்த்த அந்த வழக்கமான பதிலை இனி அவர்களால் அனுப்ப முடியாது. லாக்கைக் காட்ட வேண்டும், அல்லது ஏன் காட்டவில்லை என்று சொல்ல வேண்டும்.

லாக் கேட்பதற்கு அடிப்படை இருக்கிறது. வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்ததற்கான ஆதாரங்களைப் புரோக்கர்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று செபி 2018 மார்ச்சில் சுற்றறிக்கை விட்டது. போன் ஆர்டருக்குக் குரல் பதிவு, இன்டர்நெட் ஆர்டருக்கு லாக். சாதாரணமாக மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், தகராறு வந்தால் அது தீரும்வரை வைத்திருக்க வேண்டும். அனுமதியில்லாமல் வாடிக்கையாளர் பெயரில் வியாபாரம் செய்வதைத் தடுக்க வந்த விதி அது. ஆனால் பதிவு இருக்கிறது என்பது தெரிந்தாலே நமக்குப் போதும்.

எதிர்பார்க்க வேண்டிய இரண்டு பதில்கள்

முதல் பதில்: "அன்றைய தினம் எங்கள் சிஸ்டத்தில் தொழில்நுட்பக் கோளாறு ஏதும் பதிவாகவில்லை." இதைப் படித்தால் பிரச்சினையே நடக்கவில்லை என்பது போல் தோன்றும். ஆனால் 2022 நவம்பரில் செபி வகுத்த விதிமுறையில் தொழில்நுட்பக் கோளாறு என்பதற்கு ஒரு வரையறை உண்டு. சிஸ்டம் நின்றோ, மெதுவாகியோ, மாறுபட்டோ தொடர்ந்து ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது கோளாறு. உங்கள் 37 விநாடி அந்த வரையறைக்குள் வராது. ஆகவே கோளாறு பதிவாகவில்லை என்பதும் உண்மை, ஆர்டர் தாமதமானதும் உண்மை. பதில் மெயிலில் இதை ஒரு வரியில் சுட்டிக்காட்டி, மீண்டும் நான்கு நேரங்களைக் கேளுங்கள்.

இரண்டாவது பதில்: "கணக்குத் தொடங்கும்போது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, சிஸ்டம் தடங்கலுக்கு நாங்கள் பொறுப்பல்ல." இதுவும் பாதி உண்மை. கணக்குத் தொடங்கும்போது தரப்படும் 'உரிமைகளும் கடமைகளும்' ஆவணத்தில், இன்டர்நெட் வியாபாரத்தில் தடங்கல் வரலாம், லிங்க் அல்லது சிஸ்டம் பழுதால் ஆர்டர் நிறைவேறாமல் போனால் புரோக்கரிடம் உரிமை கோர முடியாது என்ற பொருளில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் கடைசியில், 'புரோக்கரின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களால்' என்ற நிபந்தனை உண்டு. பல பேர் அதுவரை படிப்பதில்லை. தாமதம் புரோக்கரின் சொந்த சர்வரில் நடந்ததா, வெளியே நடந்ததா என்பதே வழக்கின் உயிர். அதைத் தீர்மானிப்பது லாக். மறுபடியும் அதே நான்கு நேரங்கள்.

நேர்மையாகச் சொன்னால், இந்தப் பிரிவு புரோக்கருக்குப் பலமான கேடயம்தான். லாக்கில் தாமதம் தெரிந்தாலும், நெரிசல் தங்கள் கையை மீறியது என்று அவர்கள் வாதாடலாம். எல்லாக் கடிதமும் பணத்தைத் திரும்பக் கொண்டுவராது. சில சமயம் பாதித் தொகையைப் புரோக்கரேஜ் சலுகையாகக் கொடுத்து முடிக்கப் பார்ப்பார்கள். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஏற்பதானால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

புரோக்கர் மசியாவிட்டால்

அடுத்த படி செபியின் 'ஸ்கோர்ஸ்' தளம். 2011-இல் தொடங்கிய இது, 2024 ஏப்ரல் 1 முதல் புதுப்பித்த வடிவில் நடக்கிறது. முதலில் புரோக்கரிடம் புகார் செய்திருக்க வேண்டும், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் வர வேண்டும் என்பவை முக்கிய நிபந்தனைகள். புகார் பதிவானதும் தானாகப் புரோக்கருக்குப் போகும். 21 நாளுக்குள் அவர் பதில் அறிக்கை தர வேண்டும். எக்ஸ்சேஞ்ச் அதைக் கண்காணிக்கும். பதில் திருப்தியில்லை என்றால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டுப் புகாரை இழப்பவர்கள் உண்டு, காலண்டரில் குறித்து வையுங்கள்.

அதற்கு அடுத்தது 'ஸ்மார்ட் ஓ.டி.ஆர்.'. 2023 ஜூலை 31 செபி சுற்றறிக்கையின்படி வந்த ஆன்லைன் தகராறு தீர்வுத் தளம். முதலில் ஒரு சமரசர் இரு தரப்பையும் கேட்டு, பேசி முடிக்கப் பார்ப்பார். அதற்கு 21 நாள். முடியாவிட்டால் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் தீர்ப்பு. ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைந்த தொகை என்றால் நடுவர் ஆவணங்களை மட்டும் வைத்தே தீர்ப்புச் சொல்வார். நேரில் நின்று நியாயம் பேசும் வாய்ப்பு அங்கே பொதுவாகக் கிடையாது. நம் டிரேடரின் 4,162 ரூபாய் வழக்கு அந்த வகைதான். எனவே முதல் நாள் எழுதிய கடிதமும் இணைப்புகளும்தான் கடைசி வரை அவருக்காகப் பேசும். ஆர்பிட்ரேஷனுக்குக் கட்டணம் உண்டு. இவ்வளவு சிறிய தொகைக்கு அது கட்டுப்படியாகுமா என்று போகும் முன் பார்த்துக்கொள்வதும் புத்திசாலித்தனம். பெரும்பாலான சிறு வழக்குகளுக்குச் சமரசக் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வதே லாபம்.

செபியின் இலவச உதவி எண் 1800 266 7575. நடைமுறையில் சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்கலாம்.

உங்களுக்கும் இப்படி நடந்தால், அன்று மாலை சந்தை முடிந்ததும் முதல் வேலையாக மூன்று காரியம் செய்யுங்கள். ஆர்டர் புக்கின் படத்தைச் சேமியுங்கள். எக்ஸ்சேஞ்சின் இணையதளத்தில் டிரேடைச் சரிபார்க்கும் வசதியில் உங்கள் ஆர்டர் எண்ணைப் போட்டுப் பாருங்கள், அது சில நாட்களுக்கு மட்டுமே கிடைக்கும். பிறகு மார்க்கெட் எடுத்ததையும் தாமதம் எடுத்ததையும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். இரண்டாவது தொகை சில நூறு ரூபாய்தான் என்றால் விட்டுவிட்டு, அடுத்த முறை லிமிட் ஆர்டர் போடுங்கள். ஆயிரங்களில் வந்தால், மறுநாள் காலை சந்தை திறக்கும் முன்பே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.